விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும்போது தரும் உறுதிமொழிக் கடிதம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

சேர்க்கை நாளன்று கட்டணம் கட்டி ரசீது வாங்கியதும், விடுதி அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். "இங்க ஒரு கையெழுத்து, பின்னாடி ஒண்ணு." காலடியில் டிரங்குப் பெட்டி, பக்கத்தில் அழத் தயாராக நிற்கும் பிள்ளை, பின்னால் வரிசை. அந்த நேரத்தில் எவரும் தாளைப் படிப்பதில்லை. விதிகளுக்குக் கட்டுப்படுவதாகப் பெற்றோர் தரும் உறுதிமொழிக் கடிதம், அதாவது அண்டர்டேக்கிங், பெரும்பாலும் இப்படித்தான் கையெழுத்தாகிறது.

இதற்கு ஒரே மருந்து, தாளை முன்னதாகவே கையில் வாங்கிவிடுவது. விண்ணப்பம் வாங்கும் அன்றே "விடுதி விதிகளும் அண்டர்டேக்கிங் படிவமும் ஒரு காப்பி கொடுங்க" என்று கேளுங்கள். சில பள்ளிகளில் அச்சடித்த படிவம் இருக்கும். சில இடங்களில் வெள்ளைத் தாளில் கைப்பட எழுதித் தரச் சொல்வார்கள். முத்திரைத்தாள் கேட்கும் பள்ளிகளும் உண்டு. அப்படியானால் எத்தனை ரூபாய்த் தாள், யார் பெயரில் வாங்க வேண்டும், நோட்டரி கையெழுத்து வேண்டுமா என்ற மூன்றையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை நாளில் முத்திரைத்தாள் தேடி அலையும் வேலை மிச்சமாகும்.

பிள்ளை பின்பற்ற வேண்டிய விதிகளுக்குப் பெற்றோர் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே வரும் நிலை. எனவே பணம், சேதம், வெளியே அனுப்புதல் போன்றவற்றில் பொறுப்பேற்பது பெற்றோர்தான். படிவத்தில் பிள்ளைக்கும் ஒரு கையெழுத்துக் கோடு இருந்தால், அது "படித்தேன், புரிந்தது" என்பதற்கு மட்டும். முந்தின வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து விதிகளை வாய்விட்டுப் படியுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், ஸ்டடி நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், போன் எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் தெரிந்தால் முதல் மாதத்துச் சிக்கலில் பாதி வராது.

எந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறீர்கள்?

கடிதத்தில் பொதுவாக இருக்கும் வரி இது: "விடுதியின் அனைத்து விதிமுறைகளுக்கும், அவ்வப்போது செய்யப்படும் மாற்றங்களுக்கும் கட்டுப்படுகிறேன்." முதல் பாதியில் சிக்கல் இல்லை. இரண்டாம் பாதி, நாளை எழுதப்போகும் விதிக்கு இன்றே போடும் கையெழுத்து. நவம்பரில் ஒரு பையன் மாட்டும்போது, ஆகஸ்டில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய விதி ஒன்றைக் காட்டுவார்கள். அப்படி ஒரு நோட்டீஸ் இருந்ததே வீட்டுக்குத் தெரிந்திருக்காது.

அந்த வரியை இரண்டு சிறு திருத்தங்களால் சரிசெய்யலாம். விதிப் புத்தகத்தின் கல்வியாண்டையும் பக்க எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். மாற்றங்களைப் பொறுத்தவரை "எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து" என்று சேருங்கள். வாட்ஸப் செய்தியும் எழுத்து மூலம்தான், ஆகவே பள்ளிக்கு இதில் கூடுதல் சுமை எதுவும் கிடையாது. மறுக்கவும் மாட்டார்கள்.

பொது விதியும் உங்கள் பிள்ளையும் மோதும் இடம்

விதிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. அதில் எந்த வரி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கடிதத்தில் பெற்றோருக்கு இருக்கும் உண்மையான வேலை. ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம்.

ஏழாம் வகுப்பில் சேரும் பையன். ஆஸ்துமா உண்டு. மூச்சு இழுத்தால் இன்ஹேலர் எடுத்துக்கொள்ள அவனுக்கே தெரியும். விதிப் புத்தகத்தில் ஒரு வரி: "மாணவர்கள் எந்த மருந்தையும் தங்களிடம் வைத்திருக்கக் கூடாது. மருந்துகள் காப்பாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்." நியாயமான விதிதான். ஒரு பையனின் மாத்திரையை இன்னொருவன் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்கள். பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், இன்ஹேலர் வார்டன் அறை அலமாரிக்குள் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பையனுக்கு இழுப்பு வந்தால் அவன் மாடி இறங்கி, கதவைத் தட்டி, வார்டனை எழுப்பி, அவர் சாவி தேடி அலமாரியைத் திறக்க வேண்டும். இழுப்பு வந்த பிள்ளையால் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதே கஷ்டம். அவன் விதியை மீறி இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாலோ, சோதனையில் மாட்டி "தடை செய்யப்பட்ட பொருள்" என்று எழுதிவிடுவார்கள்.

"அவனுக்கு ஆஸ்துமா இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்று வார்டனிடம் வாயால் சொல்வது போதாது. பகல் வார்டன் ஒருவர், இரவு டியூட்டி வேறொருவர், அடுத்த ஆண்டு இருவருமே மாறியிருப்பார்கள். கடிதத்திலேயே விலக்கு கேட்க வேண்டும். இன்ஹேலர் ஒன்று பையனிடம் எப்போதும் இருக்கும், இன்னொன்று காப்பாளரிடம் இருக்கும் என்று எழுதுங்கள். மருந்தின் பெயர், எப்போது எத்தனை முறை இழுக்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை மருத்துவரே தன் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தரட்டும். அதை இணைப்பாக வையுங்கள். பெற்றோர் தங்கள் கையால் மருந்து அளவு எழுதினால் எந்த வார்டனும் அதை நம்பிக் கொடுக்கத் தயங்குவார், அது சரியும்கூட.

வலிப்பு, சர்க்கரைக்கு இன்சுலின், கடலைக்கோ பூச்சிக்கடிக்கோ வரும் கடும் ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கத்தையும் மறைக்க வேண்டாம். ஆனால் எல்லோரும் புரட்டும் உறுதிமொழிப் படிவத்தில் அதை எழுதாமல், காப்பாளருக்கு மட்டும் தனி உறையில் கொடுங்கள். தெரியாத வார்டன் அதையே "ஒழுங்கீனம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்.

யாருடன் அனுப்பலாம்?

"நான் குறிப்பிட்ட நபர்களைத் தவிர வேறு யாருடனும் என் பிள்ளையை அனுப்ப வேண்டாம்" என்ற பகுதியைப் பெற்றோர் சாதாரணமாக நினைத்து நிரப்புகிறார்கள். பிறகு அதிகம் தகராறு வருவது இதில்தான். பட்டியலில் அப்பா, அம்மா பெயர் மட்டும் இருக்கும். தீபாவளி லீவுக்கு முந்தின நாள் அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் சித்தப்பாவை அனுப்புவார்கள். காப்பாளர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். அவர் செய்தது சரி. போனில் "நான்தான் அவன் அப்பா, அனுப்பி வைங்க" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெற்றோர் போக இரண்டு பேரையாவது எழுதுங்கள். அதில் ஒருவர் பள்ளி இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ இருந்தால் நல்லது, அவர்தான் லோக்கல் கார்டியன். ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், உறவு, கைப்பேசி எண் எழுதி, புகைப்படம் ஒட்டி, அதன்மேல் பாதியும் தாளில் பாதியுமாக நீங்கள் கையெழுத்திடுங்கள். பின்னாளில் யாரும் படத்தை மாற்றி ஒட்ட முடியாது. "மாமா" என்று மட்டும் எழுதாதீர்கள், தாய்மாமன் என்றால் தாய்மாமன் என்றே எழுதுங்கள். பிள்ளைக்கு ஊர் முழுக்க மாமாக்கள் இருப்பார்கள். எழுதும் முன் அந்த உறவினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் அவசியம். நள்ளிரவில் பள்ளியிலிருந்து போன் வரும்போதுதான் தன் பெயர் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவந்தால் நன்றாக இருக்காது.

பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலோ வழக்கு நடந்தாலோ, பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்று நீதிமன்றம் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த உத்தரவின் நகலை இணையுங்கள். உத்தரவு இல்லாமல், தாய் தகப்பன் இருவரில் ஒருவரைக் கேட்டிலேயே நிறுத்தச் சொன்னால் காப்பாளரால் அதைச் செய்ய முடியாது.

சேதமும் அபராதமும்

"விடுதிப் பொருள்களுக்கு ஏற்படும் சேதத்துக்குப் பள்ளி நிர்ணயிக்கும் தொகையைச் செலுத்துகிறேன்" என்று இருக்கும். பிள்ளை உடைத்த கண்ணாடிக்குப் பணம் தர யாரும் மறுக்கப்போவதில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு: உங்கள் பிள்ளைதான் செய்தான் என்பது யார் முடிவு, தொகை எப்படி வரும். யார் செய்தது என்று தெரியாதபோது அறையில் இருக்கும் எட்டுப் பேரிடமும் பிரித்து வசூலிப்பது பல விடுதிகளில் வழக்கம். உங்களுக்குச் சம்மதமென்றால் இருக்கட்டும், இல்லாவிட்டால் "விசாரணையில் என் மகனால் ஏற்பட்டது எனத் தெரிந்தால், பழுதுபார்த்த ரசீதின்படி" என்று சேருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. தொகைக்கான இடம் காலியாக விடப்பட்டிருந்தால் அதன் குறுக்கே கோடு போடாமல் கையெழுத்திடாதீர்கள்.

விடுதியிலிருந்து நீக்குவது வேறு, பள்ளியிலிருந்து நீக்குவது வேறு

"விதி மீறினால் முன்னறிவிப்பின்றி விடுதியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நீக்கச் சம்மதிக்கிறேன்" என்று இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிடுவார்கள். விடுதி இடம் ஒரு வசதி, அதை விதிமீறலுக்காக நிறுத்தலாம். பள்ளிக்கூடம் அப்படியல்ல. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 16-ஆம் பிரிவில் சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் சேர்க்கும் பள்ளி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: விடுதியிலிருந்து நீக்கும் முன் எனக்குத் தெரிவித்து, என் தரப்பைக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. நீக்க முடிவெடுத்த அன்று ராத்திரி பிள்ளை எங்கே இருப்பான்? பெற்றோரோ பட்டியலில் உள்ளவரோ நேரில் வரும்வரை அவனை விடுதியில்தான் வைத்திருக்க வேண்டும், தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பெற்றோர் கையெழுத்திட்டாலும் செல்லாதவை

"கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பெருமையாகக் கடிதத்திலேயே "கண்டித்து அடிக்கவும் சம்மதிக்கிறேன்" என்று எழுதித் தருபவர்களும் உண்டு. அப்படி ஒரு சம்மதத்தைத் தரும் அதிகாரம் பெற்றோருக்கே கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராத பள்ளியானாலும், தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் துன்புறுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் அதைச் செய்தால் தண்டனை இன்னும் கூடுதல். கடிதத்தில் அந்த வரி இருப்பதால் அடித்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பிள்ளை அடி வாங்கினால் வீட்டில் சொல்லத் தயங்குவான், "அப்பாவே எழுதிக் கொடுத்திருக்காரே" என்று.

இன்னொன்று, "என்ன நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரி. பிள்ளை சுவரேறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டால் அதற்குப் பொறுப்பேற்பதாக எழுதித் தரலாம். தண்ணீர்த் தொட்டி மூடாமல் கிடந்ததற்கும், காய்ச்சல் என்று இரண்டு நாள் சொல்லியும் மருத்துவரிடம் காட்டாததற்கும் அந்த வரி கவசமாகாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்காமல் இருப்பது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதுவே தனிக் குற்றம். பெற்றோர் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் கடமை பள்ளியை விட்டுப் போகாது. "புகார்களை முதலில் நிர்வாகத்திடம் மட்டுமே தெரிவிப்பேன்" என்ற வரி இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள்.

கடிதம் எப்படி இருக்கும்?

மேலே சொன்ன ஏழாம் வகுப்புப் பையனுக்கு, கைப்பட எழுதும் கடிதம் இப்படி அமையும்.

அனுப்புநர்: (தந்தை பெயர், தாய் பெயர், முழு முகவரி, இருவர் கைப்பேசி எண்)

பெறுநர்: தலைமை ஆசிரியர் / விடுதிக் காப்பாளர், (பள்ளியின் பெயர், ஊர்)

பொருள்: மகன் (பெயர்), ஏழாம் வகுப்பு, விடுதிச் சேர்க்கை – பெற்றோர் உறுதிமொழி.

ஐயா,

மேற்கண்ட எங்கள் மகனைத் தங்கள் பள்ளி விடுதியில் சேர்க்கிறோம். (கல்வியாண்டு) ஆண்டுக்கான, (எண்) பக்கங்கள் கொண்ட விடுதி விதிப் புத்தகத்தைப் படித்தோம், மகனுக்கும் படித்துக் காட்டினோம். அவன் அவ்விதிகளின்படி நடப்பான் என்றும், தவறினால் தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வருவோம் என்றும் உறுதியளிக்கிறோம். விதிகளில் மாற்றம் வந்தால், எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து அதற்கும் கட்டுப்படுகிறோம்.

மகனுக்கு ஆஸ்துமா உள்ளது. இன்ஹேலர் ஒன்றை எப்போதும் தன்னிடம் வைத்திருக்க அவனுக்கு அனுமதி வேண்டுகிறோம். மற்றொன்றைக் காப்பாளரிடம் ஒப்படைக்கிறோம். மருத்துவர் குறிப்பு இணைப்பு 1. அவசரத்தில் எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலும் காத்திராமல் மருத்துவமனையில் சேர்க்கச் சம்மதிக்கிறோம்.

மகனை இணைப்பு 2-ல் படத்துடன் குறிப்பிட்டவர்களுடன் மட்டும், அடையாள அட்டையைப் பார்த்து அனுப்ப வேண்டுகிறோம். விசாரணையில் அவனால் ஏற்பட்டதாகத் தெரியும் சேதத்துக்கு ரசீதின்படி பணம் செலுத்துவோம். விடுதியிலிருந்து நீக்க நேர்ந்தால் எங்கள் தரப்பைக் கேட்டு, நாங்களோ இணைப்பு 2-ல் உள்ளவரோ நேரில் வரும்வரை அவனை விடுதியிலேயே வைத்திருக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு, (இருவர் கையெழுத்து) இடம், நாள். இணைப்பு: 2.

கடைசிப் பத்திக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விடாதீர்கள். இரண்டு பக்கம் வந்தால் இரண்டிலும் கையெழுத்து வேண்டும்.

அச்சிட்ட படிவம் என்றால்

வேண்டாத வரியின் மேல், கீழே உள்ள எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமிடுங்கள். ஒயிட்னர் வைத்து அழித்தால் பின்னால் யார் அழித்தது என்ற சண்டை வரும். "படிவத்துல கை வைக்கக் கூடாது" என்று அலுவலகத்தில் சொன்னால் வாதாட வேண்டாம். நீங்கள் சேர்க்க நினைத்ததையெல்லாம் தனித் தாளில் எழுதி, படிவத்தில் கையெழுத்துக்கு மேலே "இணைப்புக் கடிதத்துடன் சேர்த்துப் படிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். அபராத விஷயத்தில் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. மருந்தும் அழைத்துச் செல்பவர் பட்டியலும் எழுத்தில் ஏறாமல் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தையே இங்கும் போடுங்கள். பின்னாளில் அனுமதிக் கடிதம் கொடுத்தனுப்பினால் காப்பாளர் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். அங்கே இனிஷியலோடு தமிழில், இங்கே ஆங்கிலத்தில் கிறுக்கல் என்றால் பிள்ளை வீட்டுக்கு வர முடியாது. கையெழுத்துப் போடத் தெரியாத பெற்றோர் கைநாட்டு வைக்கலாம். அப்போது தெரிந்த ஒருவர் முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டி, "படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார்" என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி விடுதி ஊழியராக இருக்க வேண்டாம்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி அலுவலக முத்திரை வைத்து வாங்கி, விதிப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அன்றே கடிதத்தைப் படமெடுத்துப் பள்ளியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கைப்பேசி எண் மாறினாலோ, பட்டியலில் உள்ளவரை நீக்க வேண்டியிருந்தாலோ, மருந்து மாறினாலோ போனில் சொல்லி விட்டுவிடாமல் பழைய கடிதத்தின் தேதியைக் குறித்துப் புதிதாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கும்போது "போன வருஷத்ததே இருக்கு சார்" என்று அலுவலகத்தில் சொன்னால், ஃபைலை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இணைப்புத் தாள்தான் முதலில் காணாமல் போகும்.